ஐம்பதாயிரம் கழிவு காட்டினால் கையில் எவ்வளவு மிஞ்சும்? சேலத்துச் சம்பளக்காரருக்கு ஒரு கணக்கு

மார்ச் பிறந்தால் ஐந்து ரோடு பக்கம் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஏஜென்ட்டுகளின் ஒரே பேச்சுதான். "அம்பதாயிரம் போடுங்க சார், பதினஞ்சாயிரத்து அறுநூறு வரி மிச்சம்." இந்த 15,600 எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், 30 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 31.2 சதவீதம் என்பார்கள். பெருக்கல் சரிதான். அந்த 31.2 சதவீதம் உங்களுக்குப் பொருந்துமா என்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ஒரே 50,000 ரூபாய்க் கழிவு ஒருவருக்கு 15,600 தரும், இன்னொருவருக்கு 7,800 தரும், மற்றொருவருக்கு ஒன்றுமே தராது. அபூர்வமாக 52,000 மிச்சமாகும் ஆளும் உண்டு. நான்குமே சட்டப்படி சரியான கணக்குகள்.

கீழே வரும் எண்கள் எல்லாம் 2025–26 நிதியாண்டுக்கு, 60 வயதுக்கு உட்பட்டவருக்கு.

கழிவு மேலிருந்து வெட்டும்

வருமான வரி முழு வருமானத்துக்கும் ஒரே விகிதத்தில் போடப்படுவதில்லை. பழையது, புதியது என்று இரண்டு வரி முறைகள் உண்டு, சம்பளக்காரர் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய முறையில் முதல் 2.5 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்து 5 லட்சம் வரை 5 சதவீதம், 10 லட்சம் வரை 20 சதவீதம், அதற்கு மேல் 30 சதவீதம். புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. பிறகு ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 என்று ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 ஆகிறது.

கழிவு என்பது இந்த அடுக்கின் உச்சியிலிருந்து எடுக்கப்படுவது. அதனால் உங்கள் வருமானத்தின் கடைசி ரூபாய் எந்த ஸ்லாபில் நிற்கிறதோ அந்த விகிதம்தான் கழிவின் மதிப்பு. செஸ்ஸையும் சேர்த்தால் 5 என்பது 5.2 ஆகும், 20 என்பது 20.8 ஆகும், 30 என்பது 31.2 ஆகும். சராசரி வரி விகிதத்துக்கு இங்கே வேலையே இல்லை. "என் சம்பளத்துக்கு மொத்தத்தில் 9 சதவீதம்தான் வரி வருது, அதனால கழிவிலும் 9 சதவீதம்தான் கிடைக்கும்" என்று நினைப்பவரும் தவறு செய்கிறார், "நான் 30 சதவீதக்காரன்" என்று மொத்தக் கழிவையும் 30-ஆல் பெருக்குபவரும் தவறு செய்கிறார்.

கழிவு இரண்டு ஸ்லாபுகளின் எல்லையைத் தாண்டினால் அதைப் பிரித்துத்தான் பெருக்க வேண்டும். பழைய முறையில் வரி விதிக்கத்தக்க வருமானம் 10,30,000 என்று வையுங்கள். அதில் 50,000 கழித்தால், மேலே உள்ள 30,000 மட்டுமே 30 சதவீதத்தில் விழும். அது 9,000 ரூபாய். மீதி 20,000 கீழ் ஸ்லாபில், 20 சதவீதத்தில் விழும், அது 4,000. ஆக 13,000, செஸ்ஸுடன் 13,520. ஏஜென்ட் சொன்ன 15,600 அல்ல.

இது வரைக்கும் பலருக்குத் தெரியும். இதற்கு மேல்தான் சறுக்கல்.

கணக்கைச் செய்து பார்ப்போம்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வயது 42, தனியார் நிறுவன வேலை, ஆண்டுச் சம்பளம் 18 லட்சம். அதில் அடிப்படைச் சம்பளம் 9 லட்சம், ஹெச்ஆர்ஏ 3.6 லட்சம். பேர்லேண்ட்ஸில் மாதம் 25,000 வாடகைக்குக் குடியிருப்பு. ஆத்தூரில் கடன் வாங்கிக் கட்டிய சொந்த வீட்டில், 60 கடந்த பெற்றோர் இருக்கிறார்கள். வீட்டுக் கடனுக்கு இந்த ஆண்டு கட்டும் வட்டி 2.4 லட்சம்.

கையில் ஒரு லட்ச ரூபாய் இருக்கிறது. அதில் 50,000 பெற்றோருக்கான மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்குப் போகலாம். 80டி பிரிவில் மூத்த குடிமக்களான பெற்றோருக்கு 50,000 வரை கழிவு. இன்னொரு 50,000 சொந்தப் பணமாக என்பிஎஸ் ஓய்வூதியத் திட்டத்தில் போகலாம். 80சிசிடி(1பி) பிரிவில் 50,000 வரை கழிவு. இரண்டுமே பழைய முறையில் மட்டும் உண்டு, புதிய முறையில் கிடையாது. போடலாமா, எதைப் போடலாம் என்பதுதான் கேள்வி.

முதலில், எப்படியும் நடந்தே தீரும் கழிவுகளைப் பழைய முறையில் எடுத்துவிட வேண்டும். நிலைக் கழிவு 50,000. தொழில் வரி 2,500. ஹெச்ஆர்ஏவுக்கு மூன்று தொகைகளை எழுதி அதில் சிறியதை எடுக்க வேண்டும்: கிடைத்த ஹெச்ஆர்ஏ 3,60,000, அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதம், அதுவும் 3,60,000, கட்டிய வாடகை 3,00,000-இல் அடிப்படைச் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கு 90,000 போக 2,10,000. சிறியது 2,10,000. (சென்னையில் இருந்தால் 40-க்குப் பதில் 50 சதவீதம். ஆனால் இந்தக் கணக்கில் மூன்றாவது தொகைதான் கட்டுப்படுத்துகிறது, அதனால் ஊர் மாறினாலும் விடை மாறாது.) 80சி-யில் பிஎஃப் 1,08,000, பிள்ளைகளின் பள்ளிக் கல்விக் கட்டணத்தில் 42,000 சேர்ந்து 1,50,000 உச்சவரம்பு நிறைந்துவிடும். வீட்டுக் கடன் வட்டி 2.4 லட்சம் கட்டினாலும், வாடகைக்கு விடாத வீட்டுக்குக் கழிவு 2,00,000 வரைதான். தன் குடும்பத்தின் காப்பீட்டுக்கு 25,000.

எல்லாம் சேர்த்து 6,37,500. பழைய முறையில் வரி விதிக்கத்தக்க வருமானம் 11,62,500. 10 லட்சம் வரைக்கும் 1,12,500. மேலே உள்ள 1,62,500-க்கு 30 சதவீதம் 48,750. ஆக வரி 1,61,250.

புதிய முறையில் 75,000 நிலைக் கழிவு மட்டும். மீதி 17,25,000. 4 முதல் 8 லட்சம் வரை 20,000; 12 வரை 40,000; 16 வரை 60,000; மேலே உள்ள 1,25,000-க்கு 20 சதவீதம் 25,000. ஆக 1,45,000.

அதாவது ஆறேகால் லட்சத்துக்கு மேல் கழிவு காட்டிய பிறகும் பழைய முறை 16,250 ரூபாய் அதிகம் கேட்கிறது. இப்போது கையிலிருக்கும் பணத்தை எடுப்போம்.

காப்பீட்டுக்கு மட்டும் 50,000 போட்டால் பழைய முறையில் வருமானம் 11,12,500 ஆகும், வரி 1,46,250. பழைய முறைக்குள் பார்த்தால் 15,000 குறைந்திருக்கிறது. செஸ்ஸோடு அதே 15,600. ஏஜென்ட் சொன்னது பொய்யில்லை. ஆனால் புதிய முறையின் 1,45,000-ஐ விட இது இன்னும் 1,250 அதிகம். அறிவுள்ளவர் புதிய முறையைத்தான் எடுப்பார். எடுத்தால் அந்த 50,000-க்கு வரியில் கிடைப்பது சுழியம்.

என்பிஎஸ்ஸில் மட்டும் 50,000 போட்டாலும் அதே சுழியம்தான்.

இரண்டையும் போட்டால் வருமானம் 10,62,500, வரி 1,31,250. இப்போது பழைய முறை 13,750 குறைவு; செஸ்ஸோடு 14,300. ஒரு லட்சம் செலவழித்ததற்கு 31,200 மிச்சம் என்று பேசியது உண்மையில் 14,300. முதல் 54,167 ரூபாய், பழைய முறையைப் புதிய முறைக்குச் சமமாக இழுத்து வருவதற்கே செலவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் 45,833-க்குத்தான் முழு 31.2 சதவீதம் கிடைக்கிறது.

இந்தச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடிப்பது எளிது. புதிய முறையின் வரியை எடுத்து, அதே வரி பழைய முறையில் எந்த வருமானத்துக்கு வரும் என்று பாருங்கள். 1,45,000-இல் 1,12,500 போக 32,500. அதை 30 சதவீதத்தால் வகுத்தால் 1,08,333. ஆக 11,08,333. 18 லட்சத்திலிருந்து இந்த இடத்துக்கு இறங்க 6,91,667 கழிவு வேண்டும். இதற்குக் குறைவாகக் கழிவு உள்ளவருக்குப் பழைய முறையின் ஸ்லாப் விகிதம் காகிதத்தில் மட்டும் இருக்கும் எண். அவர் 80சி-யை நிரப்பியதும், 80டி-யை நிரப்பியதும் வரிக்காக என்றால் வீண். குடும்பத்துக்குத் தேவையான செலவு என்றால் அது வேறு.

எது தீர்மானம், எது ஏற்கெனவே முடிவானது

மேலே உள்ள கணக்கில் இரண்டு 50,000-களும் ஒன்றுபோலவே இருக்கின்றன. நடைமுறையில் அப்படி இல்லை. பெற்றோருக்குக் காப்பீடு வேண்டும் என்று குடும்பம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது என்றால், அந்தப் பிரீமியம் வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டப்படும். அதை எப்படியும் நடக்கும் கழிவுகளோடு சேர்த்துவிட வேண்டும். அப்போது முடிவெடுக்க வேண்டியது என்பிஎஸ் மட்டும்தான். அதைப் போடாவிட்டால் புதிய முறையில் 1,45,000, போட்டால் பழைய முறையில் 1,31,250. ஆக அந்த என்பிஎஸ் 50,000-க்குக் கிடைப்பது செஸ்ஸோடு 14,300, அதாவது 28.6 சதவீதம்.

காப்பீடு எடுப்பதாக இல்லை என்றால், அதே ஆளுக்கு, அதே என்பிஎஸ்ஸுக்கு, அதே ஸ்லாபில் கிடைப்பது சுழியம். அதனால் "என்பிஎஸ்ஸில் போட்டால் எவ்வளவு மிச்சம்" என்ற கேள்விக்குத் தனி விடை கிடையாது. கட்டாயக் கழிவுகளை முதலில் எடுத்துவிட்டு, யோசிக்கும் கழிவைக் கடைசியாக வைத்து, முறை மாற்றத்தையும் சேர்த்து, போடுவதற்கு முன்னும் பின்னும் கட்ட வேண்டிய குறைந்தபட்ச வரி எவ்வளவு என்று இரண்டு எண்களை எழுதுங்கள். அவற்றின் வித்தியாசம் மட்டுமே மிச்சம்.

அந்த மிச்சத்தையும் பூட்டு காலத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 42 வயதுக்காரரின் என்பிஎஸ் பணம் பெரும்பகுதி பல ஆண்டுகளுக்கு வெளியே வராது. 14,300 திரும்பி வந்ததால் கையிலிருந்து போனது 35,700 என்றால், 35,700 போட்டு 50,000 முதலீடு கிடைத்ததாகப் பொருள். 60 வயது வரைக்குமான 18 ஆண்டுகளுக்குப் பரப்பினால் இந்தச் சலுகை ஆண்டுக்குச் சுமார் 1.9 சதவீதக் கூடுதல் வருமானத்துக்குச் சமம். நல்லதுதான், ஆனால் அலுவலகத்தில் கேட்ட 31.2 போலத் தலை சுற்ற வைக்கும் எண் இல்லை. பின்னால் வரும் பென்ஷனுக்கு அன்றைய ஸ்லாபில் வரி வேறு உண்டு. 58 வயதுக்காரர் போட்டால் இரண்டே ஆண்டில் அதே சலுகை கிடைக்கிறது. அவருக்கு அது ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல். ஸ்லாப் ஒன்றே, பலன் ஒன்றல்ல. நடுவயதில் மார்ச் அவசரத்துக்காக மட்டும் என்பிஎஸ் கணக்கைத் திறப்பதை எங்களால் பரிந்துரைக்க முடியாது. பெற்றோர் காப்பீட்டை, வரியில் ஒரு பைசா கிடைக்காவிட்டாலும் எடுக்கச் சொல்வோம்.

இன்னொன்று: வீட்டுக் கடன் வட்டி ஆண்டுதோறும் குறையும். இப்போது 2.4 லட்சம் கட்டுவதால் 2 லட்சக் கழிவு முழுதாக நிற்கிறது. அது 2 லட்சத்துக்குக் கீழே இறங்கும் ஆண்டிலிருந்து பழைய முறையின் பக்கம் தேய ஆரம்பிக்கும். 45,833 வரை மற்ற கழிவுகள் குறைந்தாலே இந்தக் குடும்பத்தின் 14,300 முழுதும் கரைந்துவிடும். வட்டி 1.54 லட்சத்துக்குக் கீழே போகும் ஆண்டில் இரண்டு 50,000-களும் போட்டும் பயனில்லை. போன ஆண்டு பழைய முறை லாபம் என்பதால் இந்த ஆண்டும் அப்படியே என்று விட்டுவிடக் கூடாது.

நிறுவனம் கட்டும் என்பிஎஸ்: புதிய முறையிலும் வெட்டும் கழிவு

மேலே சொன்ன இரண்டையும் விட வலுவான மூன்றாவது வழி பலருக்குத் தெரியாமல் போகிறது. நம் பணத்தை நாம் போடுவதற்குப் பதில், சம்பளத்தின் ஒரு பகுதியை நிறுவனமே நம் என்பிஎஸ் கணக்கில் செலுத்தினால் அது 80சிசிடி(2) பிரிவில் வரும். இது புதிய முறையிலும் உண்டு. உச்சவரம்பு புதிய முறையில் அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படியில் 14 சதவீதம். பழைய முறையில் தனியார் ஊழியருக்கு 10 சதவீதம்.

நம் குடும்பத்துக்கு 14 சதவீதம் என்பது 1,26,000. புதிய முறையில் 17,25,000-லிருந்து இதைக் கழித்தால் 15,99,000. இதில் 1,25,000 ரூபாய் 20 சதவீத ஸ்லாபிலிருந்து போகிறது, எல்லை தாண்டிய 1,000 ரூபாய் 15 சதவீத ஸ்லாபிலிருந்து. 25,000 கூட்டல் 150, ஆக 25,150. செஸ்ஸோடு ஏறக்குறைய 26,160. இங்கே சமநிலைப் புள்ளியைத் தேட வேண்டியதில்லை, முதல் ரூபாயிலிருந்தே மிச்சம். கையில் வரும் சம்பளம் 1,26,000 குறையாது. வரி குறைந்ததால் 99,840 மட்டுமே குறையும்.

எல்லா வழிகளையும் பக்கத்தில் வைத்தால் இப்படி இருக்கும். வரி செஸ்ஸுடன்.

| வழி | வரி விதிக்கத்தக்க வருமானம் | வரி |
|---|---|---|
| பழைய முறை, கூடுதலாக எதுவும் போடாமல் | 11,62,500 | 1,67,700 |
| பழைய முறை, ஒரு 50,000 மட்டும் | 11,12,500 | 1,52,100 |
| புதிய முறை, எதுவும் போடாமல் | 17,25,000 | 1,50,800 |
| பழைய முறை, இரண்டு 50,000-களும் | 10,62,500 | 1,36,500 |
| புதிய முறை, நிறுவன என்பிஎஸ் 1,26,000 | 15,99,000 | 1,24,640 |
| பழைய முறை, இரண்டு 50,000-கள், நிறுவன என்பிஎஸ் 90,000 | 9,72,500 | 1,11,280 |

கடைசி வரிசைதான் மிகக் குறைந்த வரி. ஆனால் அதற்கு முந்தைய வரிசையோடு ஒப்பிட்டால் 13,360 மட்டுமே குறைவு. அதற்காகப் பையிலிருந்து ஒரு லட்சம் போக வேண்டும், வாடகை ரசீது, வீட்டு உரிமையாளரின் பான், வங்கியின் வட்டிச் சான்று எல்லாம் கையில் இருக்க வேண்டும். காப்பீடு எப்படியும் கட்டுகிறோம், ஆவணங்கள் ஒழுங்காக இருக்கின்றன என்றால் அதை எடுக்கலாம். இல்லையென்றால் அதற்கு முந்தைய வரிசையே இந்தக் குடும்பத்துக்குப் பொருத்தம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நிறுவன என்பிஎஸ்ஸை மார்ச் மாதக் கடைசியில் நினைத்துக்கொண்டு செய்ய முடியாது. சம்பளக் கட்டமைப்பையே மாற்ற வேண்டும், அதனால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏப்ரலில்தான் கேட்கும். நாமே கட்டிய என்பிஎஸ்ஸைப் பிறகு 80சிசிடி(2) என்று காட்டவும் முடியாது. ஃபார்ம் 16-இல் நிறுவனத்தின் பங்களிப்பு முதலில் சம்பளத்தில் சேர்க்கப்பட்டு, பிறகு கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சேர்க்காமலே கழித்திருந்தால் இரட்டைக் கழிவு ஆகிவிடும், பின்னால் நோட்டீஸ் வரும்.

பன்னிரண்டு லட்சத்தின் விளிம்பில்

புதிய முறையில் வரி விதிக்கத்தக்க வருமானம் 12 லட்சம் வரை உள்ளவருக்கு 87ஏ தள்ளுபடியால் வரியே இல்லை. சம்பளக்காரருக்கு நிலைக் கழிவோடு சேர்த்து 12,75,000 சம்பளம் வரை. இவருக்கு எந்தக் கழிவின் மதிப்பும் சுழியம். ஸ்லாப் அட்டவணையில் 10 சதவீதம் என்று போட்டிருந்தாலும் சுழியம்தான். பழைய முறையில் 5 லட்சத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் வரி இல்லை என்று முன்பு செய்த வேலைகளுக்கும் இவரிடம் இனி இடமில்லை.

ஆனால் 12 லட்சத்தைச் சற்றே தாண்டியவர் கதை தலைகீழ். சம்பளம் 13,25,000 என்றால் நிலைக் கழிவு போக 12,50,000. ஸ்லாப்படி வரி 67,500 வர வேண்டும். ஆனால் 12 லட்சத்தைத் தாண்டிய தொகையை விட வரி அதிகமாகக் கூடாது என்ற விளிம்பு நிவாரணம் இருப்பதால் வரி 50,000-ஆகக் குறைகிறது. செஸ்ஸோடு 52,000. இவரது நிறுவனம் 50,000-ஐ என்பிஎஸ்ஸில் கட்டினால் வருமானம் சரியாக 12,00,000 ஆகும், வரி சுழியம். 50,000 கழிவுக்கு 52,000 மிச்சம். பணமும் அவர் கணக்கிலேயே இருக்கிறது.

இந்த 104 சதவீதம் நிலவுவது 12,00,000-க்கும் ஏறக்குறைய 12,70,588-க்கும் இடையில் மட்டும். அதற்கு மேல் போனால் ஸ்லாப் வரியே குறைவாக வரும், நிவாரணம் நின்றுவிடும், கழிவின் மதிப்பு சாதாரண 15.6 சதவீதத்துக்கு வந்துவிடும். சம்பளம் 12.75 முதல் 13.45 லட்சம் வரை உள்ளவர் யாராக இருந்தாலும், நிறுவன என்பிஎஸ் வசதி இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் ஒரு முறை கேட்டுவிட வேண்டும்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் இருந்தால்

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, அதனால் அது ஸ்லாபைத் தொடாது என்று மலைமேல் தோட்டம் வைத்திருக்கும் சம்பளக்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். வரி இல்லை என்பது சரி. ஸ்லாபைத் தொடாது என்பது தவறு. விவசாய வருமானம் 5,000-ஐத் தாண்டி, மற்ற வருமானமும் அடிப்படை விலக்கைத் தாண்டினால், இரண்டையும் கூட்டித்தான் விகிதம் பார்க்கப்படும்.

புதிய முறையில் நிலைக் கழிவு போகச் சம்பள வருமானம் 11,50,000. காப்பியைப் பதப்படுத்தாமல் விற்றதிலும் மிளகிலும் செலவு போக 3,00,000. கூட்டினால் 14,50,000, அதற்கு வரி 97,500. விவசாய வருமானத்தோடு 4 லட்ச விலக்கைக் கூட்டிய 7,00,000-க்கு வரி 15,000. அதைக் கழித்தால் 82,500. மொத்த வருமானமாகக் கணக்கில் வருவது 11,50,000 மட்டுமே, அதனால் 87ஏ தள்ளுபடி 60,000 கிடைக்கும். மீதி 22,500, செஸ்ஸோடு 23,400.

தோட்டம் இல்லாத, அதே சம்பளக்காரருக்கு வரி சுழியம், கழிவின் மதிப்பும் சுழியம். தோட்டக்காரரின் சம்பளமோ 3 லட்சத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதால் அவரது கடைசி ரூபாய் 15 சதவீத ஸ்லாபில் நிற்கிறது. நிறுவனம் 50,000 என்பிஎஸ் கட்டினால் கூட்டுத்தொகை 14,00,000 ஆகும், வரி 90,000. 15,000 கழித்தால் 75,000. தள்ளுபடி போக 15,000. மிச்சம் 7,500, செஸ்ஸோடு 7,800. அட்டவணையில் 11.5 லட்சத்துக்கு நேரே உள்ள 10 சதவீதத்தைப் பார்த்து 5,200 என்று சொன்னாலும் தவறு, தள்ளுபடியைப் பார்த்துச் சுழியம் என்று சொன்னாலும் தவறு.

விளைச்சல் நல்ல ஆண்டில் விகிதம் ஏறும், மோசமான ஆண்டில் இறங்கும். எனவே காப்பி விற்ற கணக்கு கைக்கு வந்த பிறகு பார்ப்பது நல்லது. ஐடிஆர்-1 இவர்களுக்குப் பொருந்தாது. விவசாய வருமானம் 5,000-க்கு மேல் போனாலே ஐடிஆர்-2. காப்பியைத் தாமே தோல் நீக்கிப் பதப்படுத்தி விற்றால் அந்த வருமானத்தில் 25 சதவீதமும், வறுத்து அரைத்து விற்றால் 40 சதவீதமும் தொழில் வருமானமாகிவிடும். அப்போது முறையை ஆண்டுதோறும் மாற்றும் உரிமையும் போய்விடும். ஆடிட்டரிடம் கேட்காமல் பழைய முறைக்குப் போக வேண்டாம்.

தாக்கல் செய்யும்போது தவறிப் போவது

அலுவலகத்தில் எந்த முறை என்று சொல்லாவிட்டால் புதிய முறைப்படி டிடிஎஸ் பிடிப்பார்கள். அதனால் உரிமை போய்விடாது. தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் கணக்குத் தாக்கல் செய்யும்போது பழைய முறைக்கு மாறலாம், அதிகம் பிடித்ததைத் திரும்பப் பெறலாம். பணம் மார்ச் 31-க்குள் கட்டப்பட்டிருக்க வேண்டும். காப்பீட்டு பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் 80டி கிடையாது. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் இல்லாமல் அலுவலகம் ஹெச்ஆர்ஏவை ஏற்காது.

மாறும் உரிமை கெடு தேதி வரைக்கும்தான். ஜூலை 31-ஐ, நீட்டித்தால் நீட்டித்த தேதியை, தவறவிட்டுத் தாமதமாகத் தாக்கல் செய்தால் புதிய முறை மட்டுமே. நம் பேர்லேண்ட்ஸ் குடும்பம் இரண்டு 50,000-களையும் போட்டுவிட்டு ஆகஸ்டில் தாக்கல் செய்தால் வரி 1,36,500 அல்ல, 1,50,800. எல்லா ரசீதும் கையில் இருந்தும் 14,300 கிடைக்காது. தாமதக் கட்டணம் 5,000 அதற்கு மேல்.